எண் சரி, அலகும் சரி: பிறகும் விடை பிழைக்கும் இடங்கள்

கேள்வி: உப்புவெளியில் உயர்தரப் பிள்ளைகளுக்குப் பௌதிகவியல் வகுப்பு எடுக்கிறேன். உருக்குக் குண்டு ஒன்றின் அடர்த்தியைக் காணச் சொன்னேன். நுண்மானித் திருகுக் கணிச்சியில் விட்டம் 12.70 mm, தராசில் திணிவு 8.4 g. வந்த விடைகள்: 7832 kg m⁻³, 7.8 g cm⁻³, 7.8 kg m⁻³, 7.8 × 10⁻³ kg m⁻³, 7.6 × 10³ kg m⁻³, 0.98 g cm⁻³. எதை முதலில் பார்ப்பது, எதற்குப் புள்ளி வெட்டுவது சேர்? எண்ணை மட்டும் பார்த்துத் திருத்தினால் அநியாயமாகப் போகிறது.

பதில்:

முதலில் நீங்களே ஒரு தரம் முழுமையாகச் செய்து வைத்துக்கொள்ளுங்கள். கோளத்தின் கனவளவு πd³/6. 12.70 ஐ மூன்றாம் அடுக்கிற்கு உயர்த்தினால் 2048.4, அதிலிருந்து கனவளவு 1072.5 mm³. 8.4 g ஐ இதனால் பிரித்தால் 0.0078319 g mm⁻³. அதாவது 7831.9 kg m⁻³. மட்டந்தட்டாத இந்த எண்ணை உங்கள் தாளின் ஓரத்தில் எழுதி வையுங்கள். இது விடை அல்ல, மற்ற விடைகளை ஒப்பிட்டுப் பார்க்கும் எண். இறுதி விடை 7.8 × 10³ kg m⁻³. ஏன் இரண்டு இலக்கம்தான் என்பதற்குப் பிறகு வருகிறேன்.

திருத்தும்போது அலகிலிருந்து தொடங்குங்கள். அலகு தெரியாமல் எண்ணை ஒப்பிடவே முடியாது. 7.8 என்று ஒரு பிள்ளை எழுதியிருந்தால் அது சரியா பிழையா என்று கேட்பதில் பொருளே இல்லை. g cm⁻³ என்றால் சரி. kg m⁻³ என்றால், தண்ணீரை விட நூறு மடங்குக்கும் மேல் இலேசான உருக்கு. ஆகவே பிள்ளை எழுதிய எண்ணையும் அலகையும் சேர்த்தே எடுத்து, உங்கள் அலகுக்கு மாற்றி, அதற்குப் பிறகுதான் ஒப்பிட வேண்டும். கேள்வியில் "SI அலகில் தருக" என்று நீங்கள் சொல்லியிருந்தால் ஒழிய, 7.8 g cm⁻³ எழுதியவருக்கு முழுப் புள்ளி. அந்தக் கொப்பியில் சிவப்புப் பேனைக்கு வேலையே இல்லை.

அலகில் இரண்டு வகைப் பிழை உண்டு, அவற்றை வேறுபடுத்திப் பார்ப்பது நல்லது. ஒன்று பரிமாணமே பிழைப்பது: அடர்த்திக்கு kg m⁻² என்று எழுதுவது, அல்லது N m⁻³ என்று எழுதுவது. இங்கே பிள்ளை என்ன கணியத்தைக் கண்டது என்பதிலேயே குழப்பம் இருக்கிறது. N m⁻³ எழுதியவர் திணிவுக்குப் பதிலாக நிறையைப் பிரித்திருப்பார், அல்லது திணிவும் நிறையும் ஒன்றென்றே நினைத்திருப்பார். வேலையைப் பார்த்தால்தான் எது என்று தெரியும். மற்றது, பரிமாணம் சரி, அளவு மாறிப்போனது: mm ஐ m ஆக்கும்போது, g ஐ kg ஆக்கும்போது வருவது. உங்கள் பட்டியலில் இருக்கும் மூன்றாவதும் நான்காவதும் இந்த வகை.

இந்த இடத்தில் ஒரு சின்ன வேலை செய்தால் பிழையின் ஊற்றே தெரிந்துவிடும். பிள்ளையின் விடையை உங்கள் விடையால் பிரித்துப் பாருங்கள். அந்த விகிதம் கதை சொல்லும்.

நான்காவது பிள்ளையின் 7.8 × 10⁻³ kg m⁻³ ஐ 7.8 × 10³ ஆல் பிரித்தால் 10⁻⁶. பத்தின் அடுக்காகத் துல்லியமாக விகிதம் வந்தால் அது பெரும்பாலும் அலகு மாற்றப் பிழை. இங்கே 10⁻⁶ எப்படி வந்தது? 1 mm என்பது 10⁻³ m. ஆனால் 1 mm³ என்பது 10⁻⁹ m³. இவர் கன மில்லிமீற்றருக்கும் 10⁻³ ஆல் மட்டுமே பெருக்கியிருக்கிறார். கனவளவு 1.0725 m³ என்று வந்திருக்கும். ஒரு கன மீற்றர் என்றால் பெரிய தண்ணீர்த் தாங்கியின் அளவு, விரல் நுனியில் பிடிக்கும் குண்டுக்கு அந்தக் கனவளவு எப்படி வரும் என்று அந்த வரியிலேயே நின்று பார்த்திருந்தால் பிடிபட்டிருக்கும்.

மூன்றாவது பிள்ளையின் 7.8 kg m⁻³ க்கு விகிதம் 10⁻³. இதுவும் பத்தின் அடுக்குத்தான், ஆனால் காரணம் வேறாக இருக்கலாம். அநேகமாக இவர் g cm⁻³ இல் முழுவதையும் சரியாகச் செய்துவிட்டு, கடைசியில் "SI அலகு போட வேண்டும்" என்ற நினைவில் எண்ணை மாற்றாமல் அலகை மட்டும் மாற்றியிருப்பார். வேலை காட்டிய வரிகளைப் பார்த்தால் ஒரு நொடியில் தெரியும். எண் உங்கள் விடையில் உள்ள அதே 7.8 என்பதால் அவசரத்தில் திருத்துபவர் சரி போட்டுவிடுவார். எண்ணை மட்டும் பார்ப்பதன் முழு ஆபத்தும் இந்தக் கொப்பியில்தான் இருக்கிறது.

இப்போது 0.98 g cm⁻³. அலகு பிசகில்லை. இரண்டு இலக்கம், அதுவும் சரி. விகிதம் எடுத்தால் 0.98 / 7.83 = 0.125, அதாவது எட்டில் ஒன்று. 8 என்றால் 2³. ஆரை போட வேண்டிய இடத்தில் விட்டத்தைப் போட்டு 4πr³/3 ஐக் கணித்திருக்கிறார். பரிமாணப் பகுப்பாய்வு இந்தப் பிழையை ஒருபோதும் பிடிக்காது, ஏனென்றால் ஆரைக்கும் விட்டத்துக்கும் பரிமாணம் ஒன்றுதான். 2, 4, 8, π, ½ போன்ற வெறும் எண்கள் பரிமாணத்தின் கண்ணுக்குத் தெரியாது. அலகு சரியாக வந்துவிட்டது என்பதால் சமன்பாடு சரி என்று நம்பும் பிள்ளைகளுக்கு இந்தக் கொப்பியைக் காட்டுங்கள். இதைப் பிடிப்பது பொது அறிவுதான்: 0.98 g cm⁻³ என்றால் அந்த உருக்குக் குண்டு கிணற்றுத் தண்ணீரில் மிதக்க வேண்டும்.

விகிதம் 9.8 அல்லது 10 க்குக் கிட்ட வந்தால் திணிவு-நிறை குழப்பத்தைத் தேடுங்கள். ஆனால் g = 10 என்று எடுக்கும் நம் வினாத்தாள்களில் ஒரு சிக்கல் உண்டு. விகிதம் சரியாக 10 வந்தால் அது g ஆல் பெருக்கியதாலா, அலகு மாற்றத்தில் ஒரு பூச்சியம் தவறியதாலா என்று விகிதத்தை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. பயிற்சிக்குக் கொடுக்கும் கணக்குகளில் g = 9.8 என்று கொடுப்பதற்கு எனக்கு இதுவும் ஒரு காரணம். 3.14 க்குக் கிட்ட வந்தால் π விடுபட்டிருக்கும். ஒரு ஒழுங்குக்கும் வராத விகிதம், உதாரணமாக 0.83 போன்றது, வந்தால் வாசிப்பையோ பெருக்கலையோ மடக்கை அட்டவணையில் பார்த்த வரியையோ தேட வேண்டும்.

7.6 × 10³ எழுதிய பிள்ளையின் விகிதம் 0.97. சூத்திரம் சரி, அலகு சரி, இலக்க எண்ணிக்கையும் சரி. ஆனால் எண் கொஞ்சம் விலகி நிற்கிறது. கொப்பியைப் பார்த்தால் அநேகமாகக் கனவளவு என்ற வரியில் 1.1 × 10⁻⁶ m³ என்று இருக்கும். "விடை இரண்டு இலக்கத்தில்" என்று கேட்டதும் இடையிலேயே மட்டந்தட்டிவிட்டார். 1.0725 ஐ 1.1 ஆக்கினால் இரண்டரை சதவீதம் கூடிவிடுகிறது, அது அப்படியே விடையில் இறங்குகிறது. இடை வரிகளில் இறுதி விடைக்கு வேண்டியதைவிடக் குறைந்தது இரண்டு இலக்கம் கூடுதலாக வைத்திருந்து, கடைசி வரியில் ஒரே ஒரு தரம் மட்டந்தட்ட வேண்டும். இதற்கு நான் புள்ளி வெட்டுவேன், ஆனால் ஒன்றுக்கு மேல் அல்ல. பௌதிகவியல் அவருக்குத் தெரிந்திருக்கிறது.

π க்கு 22/7 போட்டவரை விட்டுவிடுங்கள். 22/7 க்கும் π க்கும் உள்ள வேறுபாடு 0.04 சதவீதம், இந்தக் கணக்கில் அது எங்கேயும் தெரியாது. π ஐ 3 என்று எடுத்தவருக்கு 8.2 × 10³ வந்திருக்கும். அது தெரியும்.

சரி, இனி 7832. இந்தப் பிள்ளைக்கு எண்ணும் அலகும் பிழைக்கவில்லை. பிள்ளை கேட்கும்: "சேர், கணிப்பானில் இதுதானே வந்தது, நான் கூடுதல் துல்லியமாக எழுதியதற்கு ஏன் புள்ளி குறைக்கிறீர்கள்?" நியாயமான கேள்வி, "விதி அப்படி" என்று பதில் சொல்லக் கூடாது. இப்படிக் காட்டுங்கள்.

தராசு 8.4 g என்று காட்டியது. 0.1 g வரை காட்டும் தராசு அது. உண்மைத் திணிவு 8.35 g இற்கும் 8.45 g இற்கும் இடையில் எங்கே இருந்தாலும் அதே 8.4 தான் திரையில் வரும். 8.35 ஐப் போட்டுக் கணித்தால் 7785 kg m⁻³. 8.45 ஐப் போட்டால் 7879 kg m⁻³. பிள்ளையையே இரண்டையும் கணிக்கச் சொல்லுங்கள். அப்புறம் இரண்டு எண்களையும் 7832 க்கு மேலும் கீழும் எழுதச் சொல்லுங்கள். கடைசி இலக்கமான 2 க்கு எந்த ஆதாரமும் இல்லை. அதற்கு முந்திய 3 க்கும் இல்லை, அது 8 ஆகவும் இருந்திருக்கலாம், 7 ஆகவும் இருந்திருக்கலாம். நூறாம் இடத்து 8 கூடக் கீழ் எல்லையில் 7 ஆகத் தொடங்குகிறது, ஆனால் மட்டந்தட்டினால் இரண்டு எல்லைகளும் 7.8 இலும் 7.9 இலும் நிற்கின்றன. ஆகவே நமக்குத் தெரிந்தது 7.8 என்பது மட்டும், அதிலும் 8 சற்றே ஆடுகிறது. பொருளுடைய இலக்கம் என்று நாம் எண்ணுவது, ஆதாரம் உள்ள இலக்கங்களையும் கடைசியில் ஆடும் அந்த ஒன்றையும்தான்.

கணிப்பான் இந்தத் தராசை அறியாது. 8.4 என்று தட்டினால் அது 8.4000000 என்று எடுத்துக்கொள்ளும். பரீட்சையில் கணிப்பான் இல்லை என்பதால் இந்தப் பிரச்சினை வராது என்று நினைக்க வேண்டாம். நாலு தான மடக்கை அட்டவணை நாலு இலக்கம் தரும், உடனே விடையிலும் நாலு இலக்கம் வந்துவிடும். கருவி மாறினாலும் பழக்கம் அதேதான்.

இங்கே பிள்ளைகள் பலரும் கவனிக்காத ஒன்றைச் சொல்ல வேண்டும். விட்டம் 12.70 mm, நாலு இலக்கம். நுண்மானியின் இழிவெண்ணிக்கை 0.01 mm. விட்டத்தின் சதவீத வழு 0.01 / 12.70, அதாவது ஏறத்தாழ 0.08 சதவீதம். d³ இருப்பதால் அதை மூன்றால் பெருக்க வேண்டும்: 0.24 சதவீதம். திணிவில் 0.1 / 8.4, ஏறத்தாழ 1.2 சதவீதம். மொத்தம் 1.4 சதவீதம். 7832 இல் 1.4 சதவீதம் என்றால் ஏறத்தாழ 110. ஆகவே (7.8 ± 0.1) × 10³ kg m⁻³. முழு வழுவில் ஆறில் ஐந்து பங்கு தராசினால் வந்தது. நுண்மானியை எவ்வளவு கவனமாக முறுக்கினாலும் இந்தச் சோதனையில் ஒரு இலக்கம் கூடக் கூடாது. தராசைத்தான் மாற்ற வேண்டும்.

மாற்றினால் என்ன ஆகும் என்று பாருங்கள். 0.01 g வரை காட்டும் தராசில் அதே குண்டு 8.36 g என்று வந்ததாக வைப்போம். திணிவின் வழு 0.12 சதவீதம், மொத்தம் 0.36 சதவீதம். விடை (7.79 ± 0.03) × 10³. இப்போது மூன்று இலக்கம் நியாயமாகக் கிடைக்கிறது. இரண்டு தராசுகள் கிடைத்தால் இந்தச் சோதனையை இரண்டு தரமும் செய்விப்பது, ஒரு பாடவேளை முழுக்க விதி சொல்வதை விட மேல். அரை அங்குலக் குண்டு வாகனத் திருத்தும் இடங்களில் கழற்றிப் போட்ட பெயாரிங்குகளில் அகப்படும். அரை அங்குலம் என்பது 12.70 mm தான், ஆகவே நுண்மானி வாசிப்பையும் அதிலேயே சரிபார்த்துக்கொள்ளலாம். தேய்ந்த குண்டு வேண்டாம்.

அப்படிச் சரிபார்ப்பது வீண் வேலை அல்ல. நுண்மானியில் +0.03 mm பூச்சிய வழு இருந்து அதைக் கழிக்காமல் விட்டால் வாசிப்பு 12.73 mm. நாலு இலக்கம், பார்க்க அழகு. அதை வைத்து 8.36 g உடன் கணித்தால் 7.74 × 10³ வரும். உண்மையில் வர வேண்டியதிலிருந்து 0.7 சதவீதம் குறைவு, அந்தச் சோதனையின் வழு எல்லைக்கு வெளியே. இலக்கங்களின் எண்ணிக்கை, அலகு இரண்டும் இதைக் காட்டிக்கொடுக்காது. பழைய தராசில் செய்திருந்தால் 1.4 சதவீத வழுவுக்குள் இது ஒளிந்தே போயிருக்கும். ஆகவே விடையை மட்டும் பார்த்து முடிக்காமல், பூச்சிய வாசிப்பு எழுதப்பட்டிருக்கிறதா என்று அட்டவணையின் மேல் ஒரு கண் போக வேண்டும்.

அட்டவணை என்றதும் இன்னொன்று. ஒரே கருவியால் எடுத்த வாசிப்புகள் எல்லாவற்றிலும் தசம தானங்கள் ஒரே எண்ணிக்கையில் இருக்க வேண்டும். 12.69, 12.7, 12.71 என்று நடுவில் ஒன்று மட்டும் குட்டையாக இருந்தால், அந்தப் பிள்ளை கடைசிப் பூச்சியத்தைத் தேவையில்லாதது என்று எறிந்துவிட்டது. கணித பாடத்தில் 12.7 உம் 12.70 உம் ஒன்று. இங்கே 12.70 என்றால் நூற்றில் ஒரு மில்லிமீற்றர் வரை பார்த்தேன் என்று பொருள், 12.7 என்றால் இடுக்கிமானியால் பார்த்ததாகக்கூட இருக்கலாம். இலக்கப் பிழைகளில் பாதி இறுதி வரியில் அல்ல, இந்த அட்டவணையிலேயே தொடங்குகின்றன. நான் திருத்தும்போது விடைக்கு முன் அட்டவணையைத்தான் பார்ப்பேன்.

இன்னொரு பொறி, பெருக்கல்-பிரித்தலுக்கு எல்லாரும் பாடமாக்கும் விதி: குறைந்த இலக்கம் உள்ள வாசிப்பில் எத்தனை இலக்கமோ அத்தனைதான் விடையிலும். குண்டுக் கணக்கில் இந்த விதியும் சதவீத வழுவும் ஒரே விடையைத் தந்தன. எப்போதும் தராது. நம் கரையிலேயே அதற்கு நல்ல உதாரணம் இருக்கிறது.

கடல்நீரின் அடர்த்தியைக் காணுங்கள். 50 cm³ அடர்த்திப் போத்தல் ஒன்று வெறுமையாக 24.3 g, உப்புவெளிக் கடல்நீர் நிரப்பியதும் 75.4 g என்று வைப்போம். நீரின் திணிவு 51.1 g. அடர்த்தி 51.1 / 50 = 1.022. இப்போது விதியை அப்படியே பிடித்த பிள்ளை, "50 இல் இரண்டு இலக்கம், ஆகவே விடை 1.0 g cm⁻³" என்று எழுதும். அப்படி எழுதினால் கடல்நீரும் கிணற்று நீரும் ஒன்றாகிவிட்டன, எதைக் காண்பதற்காகச் சோதனை செய்தோமோ அது விடையிலிருந்து அழிந்துவிட்டது.

சதவீத வழுவால் பார்த்தால் வேறு கதை. இரண்டு நிறுத்தல்களிலும் 0.1 g வீதம், கழித்த திணிவில் 0.2 g வழு. 0.2 / 51.1 ஏறத்தாழ 0.4 சதவீதம். போத்தலின் 50 என்பது பிள்ளை கண்ணால் வாசித்த 50 அல்ல, தயாரிப்பில் அளவிட்டுப் பொறித்தது. அதை 50.0 என்று எடுப்பதில் தவறில்லை. ஆகவே 1.022 ± 0.004, மூன்று இலக்கத்தில் 1.02 g cm⁻³. மூன்றாம் இலக்கத்துக்கு ஆதாரம் இருக்கிறது, அதை வெட்டக் கூடாது.

ஏன் விதி தவறியது? இரண்டு இலக்க எண்கள் எல்லாம் சம துல்லியம் உடையவை அல்ல. 9.8 இல் கடைசி இலக்கத்தில் ஒன்று கூடினால் ஒரு சதவீதம் மாறும். 1.0 இல் கடைசி இலக்கத்தில் ஒன்று கூடினால் பத்து சதவீதம். 1 இல் தொடங்கும் விடைகளை வெட்டும்போது கைகூசத்தான் வேண்டும். முதல் இலக்கம் 1 ஆக இருந்தால் ஒரு இலக்கம் கூடுதலாக எழுதியவருக்கு நான் புள்ளி வெட்டுவதில்லை.

ஆனால் இதே கணக்கில் போத்தலுக்குப் பதில் 1 cm³ கோடுகள் போட்ட அளவுசாடியை ஒருவர் பயன்படுத்தியிருந்தால் கதை மறுபடியும் மாறும். அரைக் கோடு வரை வாசித்தாலும் 50 ± 0.5, அதுவே ஒரு சதவீதம். மொத்த வழு 1.4 சதவீதம், 1.02 ± 0.01 என்று எழுதலாம். ஆனால் கிணற்று நீருக்கும் இதே வழுவோடுதான் ஒரு விடை வரும். இரண்டையும் பக்கத்தில் வைத்தால் வேறுபாடு வெறும் 0.02 தான், இரண்டின் வழுக்களும் சேர்ந்தால் அதை விழுங்கிவிடும். அந்தப் பிள்ளை "கடல்நீர் அடர்த்தி கூடியது" என்று முடிவு எழுதியிருந்தால், முடிவு உண்மையாக இருந்தும் அவருடைய சோதனை அதைக் காட்டவில்லை.

கழித்தலைப் பற்றியும் இதிலேயே ஒரு சொல். பெருக்கல்-பிரித்தலில் இலக்கங்களை எண்ணுகிறோம். கூட்டல்-கழித்தலில் எண்ண வேண்டியது தசம தானங்களை. 75.4 − 24.3 = 51.1, இங்கே மூன்று இலக்கமும் தப்பின. ஆனால் அதே போத்தலில் சிறு குண்டு ஒன்றைப் போட்டு நிறுத்தி, 26.7 − 24.3 = 2.4 என்று கழித்தால் மூன்று இலக்க வாசிப்புகள் இரண்டிலிருந்து இரண்டு இலக்கம்தான் மிஞ்சும், வழுவும் 0.2 / 2.4, எட்டு சதவீதத்துக்கு மேல். பிள்ளை இதற்குப் பிறகு மூன்று இலக்கத்தில் விடை எழுதினால் கழித்தல் வரியில் சிவப்புக் கோடு போடுங்கள், இறுதி வரியில் அல்ல. வெப்பநிலை வித்தியாசம் எடுக்கும் வெப்பக் கணக்குகளில் இது அடிக்கடி நடக்கும்.

இனிப் புள்ளி. நான் எண்ணையும் அலகையும் பிரித்துப் புள்ளி போடுவதில்லை. அலகு இல்லாத 7.8 க்குப் பாதிப் புள்ளி கொடுப்பது, பிள்ளை பாதி சொன்னதாக ஏற்பது. அது பாதி அல்ல. இலக்க எண்ணிக்கைக்கு மட்டும் தனியே ஒரு புள்ளி வைத்து, அதை ஒரு கணக்கில் ஒரு தரம் மட்டும் வெட்டுவேன். (அ) பகுதியில் கனவளவுக்கு இலக்கம் கூடி, (ஆ) பகுதியில் அடர்த்திக்கும் கூடினால் இரண்டு தரம் தண்டிக்க வேண்டியதில்லை. முன் பகுதியின் பிழையான எண்ணை எடுத்துக்கொண்டு பின் பகுதியை ஒழுங்காகச் செய்தவருக்கும் பின் பகுதிப் புள்ளி போக வேண்டும். அதற்கு அவருடைய எண்ணை வைத்தே நீங்கள் கணித்துப் பார்க்க வேண்டியிருக்கும். சலிப்பான வேலை, ஆனால் தவிர்க்க முடியாது.

எண் எவ்வளவு விலகினால் ஏற்கலாம் என்பதற்கும் நிலையான ஐந்து சதவீதம், ஒரு சதவீதம் என்று வைக்காதீர்கள். சோதனையின் வழுவே அந்த எல்லையைச் சொல்கிறது. 1.4 சதவீத வழு உள்ள குண்டுக் கணக்கில் 7.7 முதல் 7.9 வரை வருவதை ஏற்கலாம். 7.6 எல்லைக்கு வெளியே. ஒவ்வொரு பிள்ளையும் தன் கையால் அளந்திருந்தால் இதுவும் போதாது. அந்தப் பிள்ளையின் வாசிப்புகளிலிருந்து என்ன வர வேண்டுமோ அதோடுதான் ஒப்பிட வேண்டும், வகுப்பின் சராசரியோடு அல்ல. இல்லாவிட்டால் புத்தகத்தில் உள்ள உருக்கின் அடர்த்தியைப் பார்த்து வாசிப்பை வளைக்கப் பிள்ளைகளுக்கு நாமே கற்றுக்கொடுத்தவர்கள் ஆவோம்.

7800 kg m⁻³ என்று எழுதியவர் உங்கள் பட்டியலில் இல்லை, ஆனால் வருவார். அந்த இரண்டு பூச்சியங்கள் அளந்தவையா, இடம் நிரப்ப வந்தவையா என்று எண்ணைப் பார்த்துச் சொல்ல முடியாது. விஞ்ஞானமுறைக் குறிப்பீட்டில் 7.8 × 10³ என்று எழுதினால் சந்தேகமே இல்லை. நான் 7800 ஐ ஏற்று, பக்கத்தில் 7.8 × 10³ என்று எழுதிவிடுவேன். புள்ளி வெட்டுவதில்லை.

அலகை எழுதும் முறையில் Kg, gm, KG போன்றவற்றைத் திருத்தி விடுங்கள், வெட்ட வேண்டாம். ஆனால் இடைவெளியில் கவனம் வேண்டும். m s⁻¹ என்பது வேகம். ஒட்டி ms⁻¹ என்று எழுதினால் மில்லிசெக்கனுக்கு ஒன்று என்று வாசிக்கலாம். கையெழுத்தில் இதைப் பார்ப்பது கஷ்டம், அதனால் கரும்பலகையில் எழுதும்போது நாம்தான் இடைவெளியைப் பெரிதாக விட வேண்டும்.

கடைசியாக, இந்தக் கண்டிப்பு எல்லாம் அளந்து பெற்ற எண்களுக்கு. "2 kg திணிவு, 3 m s⁻² ஆர்முடுகல், g = 10 N kg⁻¹" என்று வரும் அறிமுறைக் கணக்கில் 2 ஐ ஒரு இலக்கம் என்று எண்ணி விடையையும் ஒரு இலக்கத்துக்கு மட்டந்தட்டச் சொல்வது வீண் பிடிவாதம். அங்கே தரவுகள் துல்லியமான எண்கள் என்று எடுத்துக்கொண்டு, அலகையும் எண்ணையும் மட்டும் பாருங்கள். அதேபோல் சூத்திரத்தில் வரும் 6, ஊசலின் 20 அலைவுகள் என்று எண்ணிய 20 ஆகியவற்றுக்கு வழு கிடையாது. இலக்கம் எண்ணும்போது அவற்றைச் சேர்த்து, "20 இல் இரண்டு இலக்கம்தானே சேர்" என்று அலைவுக்காலத்தை இரண்டு இலக்கத்துக்கு வெட்டிக்கொண்டு வரும் பிள்ளை வகுப்புக்கு ஒன்றாவது இருக்கும். அந்தப் பிள்ளைக்கு, 20 அலைவுக்கு எடுத்த நேரத்தில் நிறுத்தற் கடிகாரம் எத்தனை இலக்கம் தந்ததோ அத்தனையையும் அலைவுக்காலத்திலும் வைத்துக்கொள்ளலாம் என்று சொல்லுங்கள்.